மருந்து சார்ட்டைத் தமிழில் எழுதித் தருவது: புரியாத இடத்தைக் காலியாகவே விடுங்கள்

பூதப்பாண்டியிலிருந்து குழித்துறைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு பெண், மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மாமியாருக்குத் துணையாக இருந்தாள். மாமியாருக்கு மூச்சுத் திணறல், காலில் நீர், பல வருடமாகச் சர்க்கரை. ஐந்தாம் நாள் இரவு எனக்கு ஒரு படம் வந்தது. கட்டிலோடு தொங்கும் மருந்து சார்ட்டின் படம். "அக்கா, இதுல என்ன எழுதியிருக்குண்ணு தமிழ்ல எழுதித் தருவியளா? அவங்க சவுதியில இருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க, எனக்குச் சொல்லத் தெரியல்ல."

நான் நாகர்கோவிலில் 11 ஆண்டு வார்டு நர்ஸாக இருந்தவள். அந்தக் கிறுக்கலைப் போன்றதை நானே ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் அந்தப் படத்தில் மூன்று இடங்களை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த மூன்று இடங்களை என்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் ஆங்கிலம் தெரியும், கொஞ்சம் மருந்துப் பெயர் தெரியும் என்பதால் உங்களிடமும் யாராவது இப்படிப் படம் அனுப்பிக் கேட்கலாம். அப்போது எந்த வரிசையில் வேலை செய்வது என்பதற்கு இது உதவும்.

முதலில் ஒன்றைக் கேட்டவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதித் தரும் தாள் மருந்து கொடுப்பதற்கானது அல்ல. வார்டில் மருந்து கொடுப்பது நர்ஸின் பொறுப்பு. துணைக்கு இருப்பவர் நடப்பதைப் புரிந்துகொள்ளவும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும்தான் அந்தத் தாள்.

படம் சரியில்லை என்றால் ஆரம்பிக்காதீர்கள்

முதலில் வந்த படத்தில் டியூப்லைட்டின் வெளிச்சம் நடுவில் வெள்ளைப் பட்டையாக விழுந்திருந்தது. இடது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. அந்த ஓரத்தில்தான் மருந்தின் பெயர் தொடங்கும். பொறுப்பிலுள்ள சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, சார்ட்டைக் கட்டிலில் நேராக வைத்து, நான்கு மூலையும் தெரியும்படி, ஃபிளாஷ் போடாமல் மறுபடியும் எடுக்கச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும். Document என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் எடுத்தபடியே வரும். சின்ன எழுத்துக்கு இது பெரிய வித்தியாசம்.

படம் வந்ததும் நோயாளியின் பெயர், ஐ.பி. எண், தேதி மூன்றையும் அனுப்பியவரிடம் சரிபாருங்கள். இரண்டு பேர் இருக்கும் அறையில் பக்கத்துக் கட்டிலின் சார்ட்டைப் படமெடுத்து அனுப்பியவர்கள் உண்டு. ஒவ்வாமை என்ற கட்டத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். பெரும்பாலும் சிவப்பு மையில் இருக்கும். சரிபார்த்த பிறகு, வேறு யாருக்காவது படத்தை அனுப்புவதாக இருந்தால் பெயரை மறைத்துவிடுங்கள்.

மொழிபெயர்க்கும் முன் அப்படியே பகர்த்துங்கள்

புதிதாகச் செய்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். படத்தைப் பார்த்த கையோடு தமிழில் எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்படி எழுதும்போது, கண் எதைப் பார்த்தது, மனம் எதை நிரப்பியது என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் முதலில் ஒரு தாளில், சார்ட்டில் உள்ளதை உள்ளபடி, அதே எழுத்தில், அதே சுருக்கத்தில் எழுதுங்கள். வாசிக்க முடியாத ஓர் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி. மடிப்பிலோ கறையிலோ மறைந்துபோனதற்குப் புள்ளிகள். அந்தச் சார்ட்டிலிருந்து நான் பகர்த்தியது இது:

```
T. Lasix 40       1-1-0
T. Lanoxin 0.25   ½ OD   5/7
Inj. H.Mixtard    1[?]U - 0 - 8U   s/c AC
T. Pan[...]       BBF
T. Dolo 650       SOS
```

இதைத் தவிர, லனாக்ஸின் வரியில் முந்தைய நாள் கட்டத்தில் கையெழுத்துச் சுருக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் பி.ஆர். 54 என்று எழுதியிருந்தது.

இனி இந்த ஐந்து வரியும் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். முதல் வரி எளிது. கோடு போட்டு எழுதும் மூன்று எண்ணும் காலை, மதியம், இரவு. லாசிக்ஸ் 40 மில்லிகிராம், காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவில் இல்லை. நீரைப் பிரிக்கும் மாத்திரை என்பதால் இரவைத் தவிர்த்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்கக் கழிப்பறைக்கு நடக்க வேண்டியிருக்காது. கடைசி வரியும் சுலபம்தான். டோலோ 650, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். ஆனால் எதற்குத் தேவைப்பட்டால், காய்ச்சலுக்கா வலிக்கா, ஒரு நாளில் எத்தனை தடவை வரை என்பது சார்ட்டில் இல்லை. பாராசிட்டமால் எதற்கென்று எனக்குத் தெரியும் என்பதற்காக அதை நான் எழுதிவிடக் கூடாது. "தேவைப்பட்டால் மட்டும், எதற்கு, எவ்வளவு இடைவெளியில் என்று எழுதப்படவில்லை" என்றே தமிழில் போட்டேன்.

நான்காவது வரியில் பான் என்ற சொல்லுக்குப் பிறகு தாள் மடிந்திருந்தது. பான் 40 என்பது ஒரு மருந்து, பான் டி என்பது அதோடு இன்னொரு மருந்தும் சேர்ந்தது. எது மறைந்திருக்கிறது என்று மடிப்புக்கு வெளியே இருந்து சொல்ல முடியாது. பி.பி.எஃப். மட்டும் தெளிவு: காலைச் சாப்பாட்டுக்கு முன்.

வாசிக்க முடிகிறது, ஆனால் இரண்டு பொருள்

லனாக்ஸின் வரிதான் என்னை நெடுநேரம் உட்கார வைத்தது. எழுத்தில் ஒரு குறையும் இல்லை. 0.25 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, ஓ.டி. என்றால் தினம் ஒரு தடவை. அதற்கப்புறம் 5/7.

நான் வேலை பார்த்த வார்டில் ஆன்டிபயாட்டிக் வரியில் 5/7 என்று எழுதினால் ஐந்து நாளுக்கு என்று பொருள். அதே முறையில் 2/52 என்றால் இரண்டு வாரம், 3/12 என்றால் மூன்று மாதம். வாரத்துக்கு 7 நாள், ஆண்டுக்கு 52 வாரம், 12 மாதம் என்ற கணக்கு அது. ஆனால் லனாக்ஸின் வரியில் இதே 5/7 வந்தால், வாரத்தில் ஐந்து நாள் கொடுத்து இரண்டு நாள் விடுங்கள் என்று பொருளாகலாம். நம் பக்கத்து மருத்துவர்கள் பலர் அப்படி எழுதுவார்கள். லனாக்ஸின் இதயத்துக்கான மருந்து. சரியான அளவுக்கும் அதிகமான அளவுக்கும் அதில் இடைவெளி மிகக் குறைவு. வயதாகிச் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்பவர்களுக்கு அது உடம்பில் தேங்கும். தேங்கினால் வாந்தி வரும், பசி போகும், நாடித்துடிப்பு இறங்கும். அதனால்தான் இரண்டு நாள் இடைவெளி.

ஒன்று ஐந்து நாளில் நிறுத்தும் மருந்து. இன்னொன்று மாதக்கணக்கில் தொடரும் மருந்து. ஒரே கிறுக்கல்தான் இரண்டையும் சொல்கிறது.

இதில் நான் ஏற்கெனவே ஒரு தடவை தவறியவள். வேலையை விட்ட புதிதில், பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இதே வரியை "ஐந்து நாளுக்கு" என்று எழுதிக் கொடுத்தேன். என் வார்டுப் பழக்கம் அப்படி எழுத வைத்தது. ஆறாம் நாள் அவர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த தடவை மருத்துவரைப் பார்க்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஒன்றும் தெரியாதவர் கேட்டுவிடுவார். பாதி தெரிந்தவர்தான் நிரப்பிவிடுவார். அன்றிலிருந்து ஒரு சுருக்கத்துக்கு இரண்டு பொருள் உண்டென்று எனக்குத் தெரிந்தால், இரண்டையும் தாளில் எழுதி, "எது என்று சிஸ்டரிடம் கேட்கவும்" என்று பக்கத்தில் போடுகிறேன். இந்த ஓ.டி. கூட அப்படித்தான், கண் மருத்துவமனைச் சீட்டில் அது வலது கண்ணைக் குறிக்கலாம்.

அந்த வட்டத்துக்கு வருவோம். பல இடங்களில் கையெழுத்தைச் சுற்றி வட்டம் போட்டால் அந்த வேளை மருந்து கொடுக்கப்படவில்லை என்று பொருள். பி.ஆர். என்பது நாடித்துடிப்பு. நாடி 60-க்குக் கீழே இருந்தால் லனாக்ஸினைக் கொடுக்காமல் மருத்துவரிடம் சொல்வது வார்டு நடைமுறை. இரண்டும் பொருந்துகின்றன. ஆனாலும் வட்டத்தின் பொருளை ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கென்று வைத்துக்கொள்ளும். அதனால் "நாடித்துடிப்பு 54 என்று எழுதி, கையெழுத்தைச் சுற்றி வட்டம் போடப்பட்டுள்ளது. அன்று மருந்து கொடுக்கப்பட்டதா என்று கேட்கவும்" என்று மட்டும் எழுதினேன். சார்ட்டில் கண்டதை எழுதுவது என் வேலை. ஏன் கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டியவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

எண் தெரியவில்லை என்றால்

இன்சுலின் வரியில் காலை அளவு 1 என்று தொடங்கி, அடுத்த எண் மைக்கறையில் போயிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 4 போலவும் இருந்தது, 6 போலவும் இருந்தது. சாப்பாட்டுக்கு முன், தோலுக்கு அடியில் போடும் ஊசி என்ற மற்ற விவரங்கள் தெளிவு.

இங்கே ஓர் ஆசை வரும். இரவு அளவு 8 என்று தெரிகிறதே, காலையில் இவ்வளவு இருக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதே கையெழுத்தில் வேறு இடத்தில் 4 எப்படி எழுதியிருக்கிறார் என்று ஒப்பிடலாம். ஒப்பிடுவதில் தவறில்லை, ஆனால் அந்த ஒப்பீட்டின் முடிவைத் தாளில் எழுதாதீர்கள். இன்சுலின், லனாக்ஸின், ரத்தம் உறையாமல் கொடுக்கும் மருந்து இந்த மூன்றிலும் ஓர் எண் சந்தேகமென்றால் நான் பேச்சே இல்லாமல் காலியிடம்தான் விடுவேன். இரவு அளவிலும் ஓர் ஆபத்து இருந்தது. யூனிட் என்பதற்குப் போடும் யு என்ற ஆங்கில எழுத்தின் வாய் மூடிக்கொண்டால் சைபர் போலாகும். 8 யூனிட் 80 ஆகத் தெரியும். அதனால் தமிழ்த் தாளில் யூனிட் என்ற சொல்லை முழுதாக எழுதுங்கள். புள்ளி வைத்த எண்ணும் அப்படியே. சார்ட்டில் .5 என்று மொட்டையாக இருந்து புள்ளி மங்கியிருந்தால் அது 5 ஆகிவிடும். தெளிவாகத் தெரிந்தால் 0.5 என்று எழுதுங்கள். தெளிவில்லை என்றால் கேள்விக்குறி.

தமிழ்ச் சொல்லிலும் வழுக்கும் இடம் உண்டு

ஓ.டி.யை "ஒரு வேளை" என்று எழுதாதீர்கள். அவசரத்தில் சேர்த்து எழுதிவிட்டால் அது ஒருவேளை, அதாவது சந்தேகச் சொல் ஆகிவிடும். "தினம் ஒரு தடவை" போதும். காலை என்று சார்ட்டில் இல்லாவிட்டால் காலை என்று சேர்க்காதீர்கள். "அரை மாத்திரை" என்பதை மாத்திரையை அரைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று ஒரு பாட்டி எடுத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். "பாதி மாத்திரை" என்றால் யாரும் தவற மாட்டார்கள். மி.கி. என்று சுருக்காமல் மில்லிகிராம், மைக்ரோகிராம் என்று முழுதாக எழுதுங்கள். இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

இந்தப் படிகளுக்கெல்லாம் பிறகு அவள் கைக்குப் போன தாள் இப்படி இருந்தது:

லாசிக்ஸ் 40 மில்லிகிராம் – காலை 1, மதியம் 1, இரவு இல்லை.

லனாக்ஸின் 0.25 மில்லிகிராம் – பாதி மாத்திரை, தினம் ஒரு தடவை. 5/7 என்று உள்ளது: ஐந்து நாளுக்கு மட்டுமா, வாரத்தில் ஐந்து நாளா? கேட்கவும். நேற்றைய கட்டத்தில் வட்டமும் நாடித்துடிப்பு 54-ம் உள்ளது. அதையும் கேட்கவும்.

ஹெச். மிக்ஸ்டார்டு இன்சுலின் – சாப்பாட்டுக்கு முன், தோலுக்கு அடியில். காலை ____ யூனிட் (இரண்டாவது எண் வாசிக்க முடியவில்லை). மதியம் இல்லை. இரவு 8 யூனிட்.

பான் ____ – காலைச் சாப்பாட்டுக்கு முன். பெயரின் மீதி மடிப்பில் மறைந்துள்ளது.

டோலோ 650 – தேவைப்பட்டால் மட்டும். எதற்கு, எவ்வளவு இடைவெளியில் என்று எழுதப்படவில்லை.

சிஸ்டரிடம் கேட்கும் விதம்

டியூட்டி மாறும் நேரத்தில் போகாதீர்கள். அப்போது ஒருவர் இன்னொருவரிடம் ஒவ்வொரு கட்டிலாக ஒப்படைத்துக்கொண்டிருப்பார். நடுவில் கேட்டால் அவசரப் பதில்தான் வரும். அரை மணி நேரம் கழித்துப் போகலாம்.

கேள்வியில் உங்கள் ஊகத்தை வைக்காதீர்கள். "இது பதினாலுதானே சிஸ்டர்?" என்று கேட்டால், கை வேலையாக இருப்பவர் "ஆமா" என்றுவிடுவார். "இந்த வரியைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க சிஸ்டர்" என்று சார்ட்டையே காட்டுங்கள். அவர் சொன்னதைக் கேட்டு எழுதி, எழுதியதைத் திரும்ப அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் இதில் தனியாக ஒரு கவனம் வேண்டும். அன்று டியூட்டியில் இருந்த சிஸ்டர் பாறசாலைக்காரர். "ராவிலெ பதினாலு, ராத்ரி எட்டு" என்றார். மலையாளத்தில் ராவிலெ என்றால் காலை. விளவங்கோட்டுப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது பழகிய சொல். பூதப்பாண்டிக் காதுக்கு அது "ராவுல" என்று விழுந்தது. அவள் இரவுக்கு நேராகப் பதினாலு என்று எழுதிவிட்டு, ராத்திரி எட்டு என்று அடுத்து வந்ததும் குழம்பிப் போனாள். இரவில் பெரிய அளவு இன்சுலின் போனால் விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்துவிடும். நல்லவேளை, தாளில் இரவு 8 என்று ஏற்கெனவே தெளிவாக இருந்தது. எனக்கு போன் செய்தாள். திரும்பப் போய், "விடியற்காலம் எழும்பினதும் போடுறதா, படுக்கதுக்கு முன்னால போடுறதா?" என்று கேட்கச் சொன்னேன். காலை என்ற சொல்லையே விட்டுவிட்டு, நேரத்தைக் காட்டும் செயலைக் கேட்பது இரண்டு மொழிக்கும் பொதுவாக இருக்கும்.

எண்ணிலும் அப்படித்தான். பதினாலு, பதினாறு இரண்டும் தமிழிலும் மலையாளத்திலும் காதுக்கு மிக நெருக்கம். "ஒண்ணு, நாலு" என்று ஒவ்வோர் எண்ணாகச் சொல்லித் திரும்பக் கேட்க வேண்டும். அவள் விரலால் தாளில் எழுதிக் காட்டியும் கேட்டாள். 14 என்று உறுதியானது.

பான் வரியைச் சிஸ்டர் மடிப்பை நிமிர்த்தி வாசித்தார்: பான் 40. டோலோ காய்ச்சலுக்கு மட்டும், இரண்டு தடவைக்கு இடையில் குறைந்தது ஆறு மணி நேரம். வட்டம் போட்ட நாளில் நாடி குறைவாக இருந்ததால் லனாக்ஸின் கொடுக்கவில்லை என்றும் உறுதிப்படுத்தினார். 5/7 பற்றிக் கேட்டதும் கொஞ்சம் யோசித்தார். "டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேட்டுச் சொல்லுகேன்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் சிஸ்டர் கிடைத்தால் அவரை நம்பலாம். மறுநாள் காலை மருத்துவரே சொன்னார்: வாரத்தில் ஐந்து நாள், சனி, ஞாயிறு கிடையாது.

பதில் வந்ததும் காலியிடத்தை நிரப்புங்கள். ஆனால் சார்ட்டிலிருந்து வந்தது எது, வாய்வழி கேட்டு எழுதியது எது என்று தெரிய வேண்டும். அவள் கேட்டு எழுதியதை வேறு நிற மையில் எழுதி, யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் குறித்தாள். சவுதியிலிருந்து கேட்டவருக்கு அந்தத் தாளைத்தான் படமெடுத்து அனுப்பினாள்.

தாளின் தலையில் தேதியும் நேரமும் கட்டாயம் போடுங்கள். ஒவ்வொரு ரவுண்ட்ஸுக்குப் பிறகும் சார்ட் மாறலாம். ஒரு வரியைக் குறுக்கே கோடிட்டு நிறுத்தியிருப்பார்கள், அளவை மாற்றியிருப்பார்கள். வீட்டுக்குப் போகும்போது இந்தத் தாளைப் பின்பற்றக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி, அதற்குப் புதிதாக, முதல் படியிலிருந்து எழுத வேண்டும். அந்த மாமியார் எட்டாம் நாள் வீட்டுக்குப் போனார்கள். சம்மரியில் காலை இன்சுலின் 12 யூனிட் ஆகியிருந்தது. லாசிக்ஸ் காலையில் மட்டும். அவள் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, சம்மரியின் படத்தை நான்கு மூலையும் தெரிய, Document ஆக அனுப்பியிருந்தாள்.